சார்ட்டில் ஒரு ஆர்.எஸ்.ஐ., பைத்தானில் வேறொன்று

டிரேடிங்வியூ சார்ட்டில் ஒரு பங்கின் ஆர்.எஸ்.ஐ. 31.2 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதே பங்கு, அதே நாள், அதே 14 நாள் கணக்கு. ஆனால் பைத்தானில் எழுதிய நிரல் 28.9 என்கிறது. 'முப்பதுக்குக் கீழே போனால் வாங்கு' என்று விதி வைத்திருந்தால் நிரல் வாங்கிவிடும். சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவர் வாங்கமாட்டார். அந்த நிரலைக் கொண்டு பத்து வருட விலைகளை ஓடவிட்டுப் பார்த்த பேக்டெஸ்ட்டும், நாளை சார்ட்டைப் பார்த்து எடுக்கப்போகும் முடிவும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாகிவிடும்.

இப்படி வரும்போது பெரும்பாலானோர் செய்வது, கடைசி நாளின் இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான். கிட்டத்தட்ட ஒத்திருந்தால் 'சரியாகத்தான் இருக்கிறது' என்று நகர்ந்துவிடுகிறார்கள். ஒத்திராவிட்டால் சூத்திரத்தை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். கடைசி எண்ணில் காரணம் தெரியாது என்பது என் உறுதியான எண்ணம். வித்தியாசம் எங்கே தொடங்கியது, நாள் போகப்போக அது என்ன ஆகிறது என்று பார்த்தால் காரணம் தானாகத் தெரிந்துவிடும். அதைத்தான் இங்கே ஒரு சிறு கணக்கோடு விளக்கப்போகிறேன்.

ஆர்.எஸ்.ஐ.யை உருவாக்கியவர் வெல்ஸ் வைல்டர் என்ற அமெரிக்கர். 1978-இல் வெளியான அவருடைய புத்தகத்தில்தான் இது முதலில் வந்தது, ஏ.டி.ஆர்., ஏ.டி.எக்ஸ்., பாராபாலிக் எஸ்.ஏ.ஆர். ஆகியவையும் அதே புத்தகத்தில் வந்தவை. ஆர்.எஸ்.ஐ.யின் சூத்திரம் எளிது. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட விலை எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று தனித்தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். ஏறிய நாளில் இறக்கம் சுழியம். இறங்கிய நாளில் ஏற்றம் சுழியம். இரண்டுக்கும் சராசரி எடுத்து, ஏற்றச் சராசரியை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஆர்.எஸ்.ஐ.

சிக்கல் 'சராசரி' என்ற இடத்தில் இருக்கிறது. வைல்டர் முதல் 14 மாற்றங்களுக்கு மட்டும் சாதாரணச் சராசரி எடுத்தார். அடுத்த நாளிலிருந்து, நேற்றைய சராசரியை 13-ஆல் பெருக்கி, இன்றைய மாற்றத்தைக் கூட்டி, 14-ஆல் வகுத்தார். பழைய விலைகளையெல்லாம் அடுக்கிவைக்க வேண்டாம். நேற்றைய எண் ஒன்று போதும். கால்குலேட்டரில் கணக்குப் போடுகிறவருக்கு இது பெரிய வசதி. நேற்றைய தயிரில் கொஞ்சம் எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவது போல, முதல் நாள் உறையின் ஏதோ ஒரு பங்கு எத்தனை நாள் ஆனாலும் அடுத்தடுத்த சராசரிகளில் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே தொடங்கிய எண் எது என்பதும், நேற்றைய எண்ணுக்கு எவ்வளவு எடை கொடுக்கிறோம் என்பதும் விடையை மாற்றும். முதலாவது தொடக்க மதிப்புச் சிக்கல். இரண்டாவது ஸ்மூத்திங் சிக்கல். இரண்டும் வெவ்வேறு நோய்கள். வெளியில் தெரியும் அறிகுறி மட்டும் ஒன்று.

கையால் போட்டுப் பார்க்க வசதியாக, 14-க்குப் பதில் 5 நாள் ஆர்.எஸ்.ஐ. எடுத்துக்கொள்வோம். முடிவு விலைகள் வரிசையாக 100, 102, 101, 104, 103, 105, 104, 107. மாற்றங்கள்: 2 ஏற்றம், 1 இறக்கம், 3 ஏற்றம், 1 இறக்கம், 2 ஏற்றம், 1 இறக்கம், 3 ஏற்றம்.

வைல்டர் முறையில் முதல் ஐந்து மாற்றங்களின் ஏற்றச் சராசரி 7-ஐ 5-ஆல் வகுக்க 1.4, இறக்கச் சராசரி 2-ஐ 5-ஆல் வகுக்க 0.4. ஆர்.எஸ்.ஐ. 77.78. ஆறாவது மாற்றம் ஒரு ரூபாய் இறக்கம். ஏற்றச் சராசரி 1.4-இன் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 1.12, இறக்கச் சராசரி 0.32-உடன் 0.2 சேர்ந்து 0.52. ஆர்.எஸ்.ஐ. 68.29. ஏழாவது மாற்றத்துக்குப் பிறகு 78.24.

இதையே பைத்தானில் பாண்டாஸ் கொண்டு ஒரே வரியில் எழுதிவிடுவது வழக்கம்:

```python
up = gain.ewm(alpha=1/5, adjust=False).mean()
```

எடை சரிதான், நேற்றைய எண்ணுக்கு ஐந்தில் நான்கு, இன்றைய மாற்றத்துக்கு ஐந்தில் ஒன்று. ஆனால் `ewm` ஐந்து மாற்றங்களின் சராசரிக்காகக் காத்திருப்பதில்லை. முதல் மாற்றத்தையே தொடக்க மதிப்பாக எடுத்துக்கொள்கிறது. நம் வரிசையில் முதல் மாற்றம் 2 ரூபாய் ஏற்றம். எனவே ஏற்றம் 2, இறக்கம் 0 என்று ஏற்றத்தின் பக்கம் முழுக்கச் சாய்ந்த நிலையில் கணக்கு தொடங்குகிறது. ஐந்தாவது மாற்றத்தில் ஏற்றச் சராசரி 1.6032, இறக்கச் சராசரி 0.2624, ஆர்.எஸ்.ஐ. 85.93. அடுத்து 75.78. அதற்கடுத்து 83.22. வைல்டரின் விடையிலிருந்து முறையே 8.15, 7.49, 4.98 தள்ளி நிற்கிறது.

இப்போது ஆர்.எஸ்.ஐ.யை விட்டுவிட்டு ஏற்றச் சராசரிகளின் வித்தியாசத்தை மட்டும் பாருங்கள். ஐந்தாவது மாற்றத்தில் 0.2032. ஆறாவதில் 0.16256. ஏழாவதில் 0.130048. ஒவ்வொன்றும் முந்தையதில் துல்லியமாக 0.8 மடங்கு. விலை ஏறினாலும் இறங்கினாலும் இந்த 0.8 மாறாது. ஏனென்றால் இரண்டு கணக்குகளும் ஒவ்வொரு நாளும் அதே விலையை அதே எடையில் சேர்த்துக்கொள்கின்றன; எஞ்சியிருப்பது தொடங்கிய இடத்தின் வேறுபாடு மட்டும். அது தினமும் ஐந்தில் ஒரு பங்கு கரைகிறது. 14 நாள் ஆர்.எஸ்.ஐ.யில் இந்த எண் 13/14, அதாவது 0.928571.

தொடக்க மதிப்புச் சிக்கலின் கைரேகை இதுதான். வித்தியாசத்தை முந்தைய நாள் வித்தியாசத்தால் வகுத்தால் ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், உங்கள் நிரலின் மற்ற எல்லாமே சரி. சூத்திரத்தைத் தொடாதீர்கள்.

ஸ்மூத்திங் தவறினால் இப்படி நடக்காது. பலர் வைல்டரின் சராசரியும் சாதாரண இ.எம்.ஏ.வும் ஒன்றே என்று நினைத்து `span=5` என்று எழுதுகிறார்கள். இ.எம்.ஏ.வில் இன்றைய எடை 2/(n+1). ஐந்து நாளுக்கு மூன்றில் ஒன்று. வைல்டரில் அது ஐந்தில் ஒன்றுதான். தொடக்க மதிப்பை 1.4, 0.4 என்று சரியாகவே கொடுத்தாலும், இ.எம்.ஏ. முறையில் அடுத்த நாள் ஆர்.எஸ்.ஐ. 60.87, அதற்கடுத்த நாள் 80.22. வைல்டரின் விடையைவிட ஒரு நாள் 7.42 கீழே, மறுநாள் 1.98 மேலே. விலை இறங்கும்போது வேகமாக இறங்கி, ஏறும்போது வேகமாக ஏறி, சந்தையோடு சேர்ந்து ஆடுகிறது. எத்தனை வருட விலைகளைக் கொடுத்தாலும் இந்த ஆட்டம் தேயாது. 'பழைய டேட்டா இன்னும் கொஞ்சம் சேர்த்தால் சரியாகிவிடும்' என்ற அறிவுரை இங்கே பலிக்காது. வைல்டரின் 14, இ.எம்.ஏ. கணக்கில் `span=27`-க்குச் சமம். `alpha=1/14` என்றோ `com=13` என்றோ எழுதினாலும் அதே எடைதான்.

பாண்டாஸில் இன்னொரு கண்ணி இருக்கிறது. `adjust=False` என்று எழுத மறந்தால், அது தானாக `adjust=True` என்று எடுத்துக்கொள்ளும். அப்போது தொடக்க நாட்களின் எடைகள் வேறு விதமாகச் சீராக்கப்படும். நம் எடுத்துக்காட்டில் அது தரும் ஆர்.எஸ்.ஐ. 78.32, 64.91, 78.63. முதல் நாளில் வைல்டரின் 77.78-க்கு மிக அருகில் இருக்கிறது, அரைப் புள்ளிதான் வித்தியாசம். மறுநாள் மூன்று புள்ளிக்கு மேல் விலகுகிறது. மூன்றாம் நாள் மறுபடி நெருங்கிவிடுகிறது. கடைசி எண்ணை மட்டும் பார்த்து 'ஒத்துப்போகிறது' என்று சொல்பவரை ஏமாற்ற இதைவிட என்ன வேண்டும்? ஆர்.எஸ்.ஐ. ஒரு விகிதம். மேலேயும் கீழேயும் தவறுகள் இருந்தால் ஒன்றையொன்று மறைத்துவிடும். அதனால்தான் ஆர்.எஸ்.ஐ.யை அல்லாமல் அதன் அடியில் இருக்கும் இரண்டு சராசரிகளை ஒப்பிட வேண்டும் என்கிறேன்.

சார்ட்டில் அந்தச் சராசரிகள் தெரிவதில்லையே என்று கேட்கலாம். டிரேடிங்வியூவில் பைன் ஸ்கிரிப்டில் சில வரிகள் எழுதினால் தெரியும். அங்கே வைல்டரின் சராசரிக்குப் பெயர் `ta.rma`:

```
//@version=5
indicator("RSI check")
d = ta.change(close)
plot(ta.rma(math.max(d, 0), 14), "up")
plot(ta.rma(-math.min(d, 0), 14), "dn")
plot(ta.rsi(close, 14), "rsi")
```

இதைச் சார்ட்டில் போட்டு, சார்ட்டின் டேட்டாவை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டும். கட்டணத் திட்டங்களில் இந்த வசதி உண்டு. விலைகளும் இந்த மூன்று கோடுகளும் ஒரே கோப்பில் வரும். பைத்தான் கணக்குக்கு வேறு எங்கிருந்தும் விலை எடுக்காதீர்கள். இதே கோப்பின் `close` பத்தியையே பயன்படுத்துங்கள். விலை வேறு, கணக்கு வேறு என்ற இரண்டு சந்தேகங்களை ஒரே நேரத்தில் துரத்தினால் எதுவும் பிடிபடாது.

கோப்பைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, `rsi` பத்தியில் மேலே எத்தனை வரிகள் காலி என்பதை. முதல் நாளுக்கு முந்தைய விலை இல்லாததால் மாற்றம் இரண்டாம் வரியில்தான் தொடங்கும். 14 மாற்றங்கள் சேர 15 வரிகள் வேண்டும். ஆகவே 14 வரிகள் காலியாக இருந்து 15-ஆவதில் முதல் எண் வந்தால், தளம் இந்தக் கோப்பின் முதல் வரியிலிருந்தே கணக்கைத் தொடங்கியிருக்கிறது. அந்த 14 மாற்றங்களின் சராசரியை நீங்களும் தொடக்கமாக எடுத்தால் ஒத்துப்போகும். உங்கள் பைத்தான் விடையில் 13 வரிகள்தான் காலி என்றால், முதல் நாளின் இல்லாத மாற்றத்தை நிரல் சுழியமாக நிரப்பி ஒரு நாளாக எண்ணிவிட்டது. `fillna(0)` அல்லது `np.where` இருக்கும் இடத்தைத் தேடுங்கள்.

முதல் வரியிலேயே எண் இருந்தால் கதை வேறு. தளம் இந்தக் கோப்புக்கு முந்தைய விலைகளிலிருந்து கணக்கிட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அந்த விலைகள் நம்மிடம் இல்லை. இங்கேதான் பலர் மணிக்கணக்கில் மோதுகிறார்கள். வழி இருக்கிறது: ஏதாவது ஒரு வரியில் தளத்தின் சராசரியை அப்படியே எடுத்து, அங்கிருந்து உங்கள் கணக்கை ஓட்டுங்கள்.

```python
def wilder(x, n, start=None, seed=None):
    x = np.asarray(x, float)
    out = np.full(len(x), np.nan)
    if seed is None:
        start, seed = n, x[1:n+1].mean()
    out[start] = seed
    for i in range(start + 1, len(x)):
        out[i] = out[i-1] + (x[i] - out[i-1]) / n
    return out

d = t["close"].diff()
up = wilder(d.clip(lower=0), 14)
up2 = wilder(d.clip(lower=0), 14, 50, t["up"].iloc[50])
```

`up2` தளத்தின் எண்ணிலிருந்து தொடங்குகிறது. அடுத்த வரியிலிருந்து கடைசி வரி வரை அது தளத்தோடு ஒத்துப்போனால் உங்கள் ஸ்மூத்திங் சரி என்பது முடிவாகிவிட்டது. ஒத்துப்போகாவிட்டால் எடையில்தான் தவறு. தொடக்க மதிப்பு என்ற சந்தேகத்தை ஒரே அடியில் ஒதுக்கிவிடுவதால் இந்தச் சோதனையை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். அடுத்து, சொந்தத் தொடக்கத்தில் ஓடிய `up`-இன் வித்தியாசம் எப்படித் தேய்கிறது என்று பார்க்கலாம்:

```python
gap = up - t["up"].to_numpy()
print(gap[31:41] / gap[30:40])
```

பத்து எண்களும் 0.9285 என்று வந்தால் தொடக்க மதிப்பு மட்டுமே வேறு. முன்னும் பின்னும் தாவினால் எடை வேறு. வித்தியாசம் முற்றிலும் சுழியமாக இருந்தால் வகுத்தல் அர்த்தமற்றது. ஆனால் அது நீங்கள் ஏற்கெனவே ஜெயித்துவிட்டீர்கள் என்பதன் அடையாளம். நூற்றுக்கணக்கான வரிகள் தாண்டியபின் இதைச் செய்யாதீர்கள். அங்கே வித்தியாசம் தசம இலக்கங்களைச் சுருக்குவதால் வரும் பிசிறு அளவுக்குச் சிறுத்துவிடும். விகிதம் கன்னாபின்னாவென்று வரும்.

மூன்றாவது ஒரு வகை உண்டு. வித்தியாசம் நன்றாகத் தேய்ந்துகொண்டே வந்து, ஒரு குறிப்பிட்ட தேதியில் திடீரென எகிறும்; மறுபடி 13/14 வேகத்தில் தேயத் தொடங்கும். இது கணக்கின் தவறே அல்ல, விலையின் தவறு. உங்கள் நிரலை டிரேடிங்வியூ கோப்பிலிருந்து விடுவித்து, நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் டேட்டாவுக்கு மாற்றும்போது இது தலைகாட்டும். ஒரே ஒரு நாளின் முடிவு விலை மாறினாலும் அந்த நாளின் மாற்றம், மறுநாளின் மாற்றம் என்று இரண்டு தவறும். எனவே எகிறல் பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு வரிகளில் தெரியும்.

நம் சந்தையில் இதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. தேசியப் பங்குச் சந்தையின் அதிகாரபூர்வ முடிவு விலை என்பது பல ஆண்டுகளாகக் கடைசி வர்த்தகத்தின் விலையாக இருந்ததில்லை. கடைசி அரை மணி நேர வர்த்தகங்களின் எடையிட்ட சராசரியாகவே இருந்துவந்தது. சந்தை வெளியிடும் பவ்காப்பி கோப்பில் முடிவு விலைக்கும் கடைசி விலைக்கும் தனித்தனிப் பத்திகள் இருப்பது இதனால்தான். நிமிடக் கணக்கு விலைகளைச் சேர்த்து நீங்களே நாள் விலை உருவாக்கினால் கிடைப்பது கடைசி விலை; சார்ட்டில் இருப்பது பெரும்பாலும் அதிகாரபூர்வ விலை. இந்த வித்தியாசம் தினமும் சிறிதளவு வந்து சேரும், ஆகவே `gap` தேயாமல் சிறு அலையாக நிற்கும். எடை தவறியதைப் போலத் தோன்றினாலும், `up2` சோதனையில் முன்பே தேறியிருந்தால் விலையைத்தான் சந்தேகிக்க வேண்டும். தீபாவளியன்று நடக்கும் முகூர்த்த வர்த்தகத்தைச் சில டேட்டாக்கள் ஒரு தனி நாளாக வைத்திருக்கும், சில விட்டுவிடும். அந்த ஒரு கேண்டில் குறைந்தால், இரண்டு மாற்றங்கள் வரவேண்டிய இடத்தில் ஒன்று வரும். வரிசை எண்ணை வைத்து ஒப்பிடுகிறவருக்கு அன்றிலிருந்து எல்லா வரிகளும் ஒரு நாள் பிசகும். ஒப்பிடும்போது தேதியை வைத்தே இணைக்க வேண்டும்.

போனஸ், பங்குப் பிரிப்பு ஆகியவற்றுக்கு விலை திருத்தப்படாதிருந்தால் பாதிப்பு இன்னும் பெரியது. ஆயிரம் ரூபாய்ப் பங்கு ஒன்றுக்கு ஒன்று போனஸுக்குப் பின் 500-இல் திறக்கிறது. நிரல் இதை 500 ரூபாய் இறக்கம் என்று எடுத்துக்கொள்கிறது. இறக்கச் சராசரியில் ஒரே நாளில் 35.7 ரூபாய் கூடுகிறது. உண்மையான ஏற்ற, இறக்கச் சராசரிகள் இரண்டும் 5 ரூபாயாக இருந்தால் ஆர்.எஸ்.ஐ. 50 இருக்க வேண்டும். 50 நாள் கழித்தும் அந்தப் போலி இறக்கத்தில் 0.88 ரூபாய் மிச்சமிருக்கும். நிரல் 46 என்றே காட்டும்.

தொடக்க மதிப்பின் பாதிப்பு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கும் இதே கணக்குதான். 14 நாள் ஆர்.எஸ்.ஐ.யில் வித்தியாசம் ஒன்பது, பத்து நாளில் பாதியாகும். 50 நாளில் நூற்றுக்கு இரண்டரை பங்கு மிஞ்சும். 100 நாளில் பத்தாயிரத்தில் ஆறு பங்கு. சார்ட்டில் இரண்டு தசமம்தான் தெரியும் என்பதால், சாதாரணப் பங்குக்கு 150 நாள் விலைகளைக் கூடுதலாக முன்னால் கொடுத்து, அந்த நாட்களின் விடைகளைத் தள்ளிவிட்டால் போதும். தொடக்கத்தில் பெரிய தாவல் இருந்த பங்குக்கு, உதாரணமாகப் புதிதாகப் பட்டியலிடப்பட்டு முதல் வாரத்தில் கொந்தளித்த பங்குக்கு, 250 நாள் கொடுப்பேன். டிஏ-லிப் நூலகத்தில் இந்தத் தள்ளிவிடும் நாட்களைக் குறிப்பிடவே 'அன்ஸ்டேபிள் பீரியட்' என்று ஒரு அமைப்பு வைத்திருக்கிறார்கள். இன்று இன்னும் முடியாத கேண்டிலை ஒப்பீட்டில் சேர்க்க வேண்டாம். அதன் விலை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறும்.

ஆர்.எஸ்.ஐ. ஒத்துப்போனதும் அதே `wilder` சார்பை ஏ.டி.ஆர்.க்கும் பயன்படுத்தலாம் என்று தோன்றும். பயன்படுத்தலாம், ஆனால் ஒரு வரி முன்னதாகத் தொடங்க வேண்டியிருக்கும். டிரேடிங்வியூவின் ஏ.டி.ஆர்., முந்தைய விலை இல்லாத முதல் நாளுக்கும் அன்றைய உச்சத்திலிருந்து தாழ்வைக் கழித்து ஒரு மதிப்பு எடுத்துக்கொள்கிறது. அதனால் முதல் விடை 14-ஆவது வரியிலேயே வந்துவிடும். டிஏ-லிப் அந்த முதல் நாளை விட்டுவிட்டு 15-ஆவது வரியில் தொடங்கும். இரண்டும் ஏ.டி.ஆர். 14 என்றே அழைக்கப்படுகின்றன. ஆகவே ஒரு இண்டிகேட்டரின் எண்ணை யாருக்காவது அனுப்பும்போது, எத்தனை நாள் கணக்கு என்பதோடு, எந்தச் சராசரி, எந்தத் தேதியிலிருந்து தொடங்கியது, விலை எங்கிருந்து வந்தது என்ற மூன்றையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.